திட்டத்தின் வெற்றி அளவுகோலும் வெற்றிக் காரணியும்: தளவானூர் தடுப்பணையை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

ஒரு திட்டம் வென்றதா தோற்றதா என்று தீர்ப்புச் சொல்ல எதை அளக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அந்தத் திட்டம் வெல்ல வேண்டுமானால் எவை கட்டாயம் அமைந்தாக வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கான விடையை வெற்றி அளவுகோல் என்றும், இரண்டாவதற்கான விடையை முக்கிய வெற்றிக் காரணி என்றும் திட்ட மேலாண்மைத் துறையினர் வழங்குவர். களத்துமேட்டில் நெல்மூட்டையை எண்ணிப் பார்ப்பது அளவுகோல் என்றால், கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வயலில் தண்ணீர் நிற்பது காரணி. மூட்டையை எண்ணும் நாளில் தண்ணீர் பாய்ச்சும் காலம் கடந்துபோயிருக்கும் என்பதிலேயே இவ்விரண்டுக்கும் உள்ள உறவும் வேறுபாடும் அடங்கியிருக்கின்றன. அளவுகோல் பின்னால் நின்று தீர்ப்புச் சொல்கிறது. காரணி முன்னால் நின்று எச்சரிக்கிறது.

இந்தப் பகுப்பு அதிகப் பழமையானதன்று. ஒரு நிறுவனத்தின் வெற்றியைச் சில காரணிகளே தீர்மானிக்கின்றன, ஆகவே தலைமையில் இருப்பவருக்கு அவற்றைப் பற்றிய தகவல்தான் முதலில் வேண்டும் என்ற கருத்தை டி. ரொனால்ட் டேனியல் 1961இல் எழுதினார்; ஜான் ராக்கார்ட் 1979இல் அதனை விரித்து ஒரு முறையாகவே ஆக்கினார். இருவரும் பேசியது நிறுவன நிர்வாகத்தைப் பற்றியே. அக்கருத்து திட்டங்களின் பக்கம் வந்தபோது, 1980களின் பிற்பகுதியில் பின்டோவும் ஸ்லெவினும் பத்துக் காரணிகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தனர். அதன்பின் பட்டியல்கள் பெருகின. மேலிடத்தின் ஆதரவு, தெளிவான குறிக்கோள், தகுதியான ஆட்கள் என்று எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் சொற்களால் நிரம்பிய இப்பட்டியல்கள், எந்தத் திட்டத்துக்கும் பொருந்துவதாலேயே குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. இவற்றைவிடப் பயனுள்ள பகுப்பு 1988இல் ஆன்டன் டி விட் முன்வைத்து, 2002இல் டெரி குக்-டேவிஸ் கூர்மைப்படுத்தியது. உரிய காலத்தில், உரிய செலவில், உரிய தரத்தில் வேலையை முடிப்பது திட்ட மேலாண்மையின் வெற்றி. எந்தப் பயனுக்காக வேலை எடுக்கப்பட்டதோ அந்தப் பயன் கிட்டுவது திட்டத்தின் வெற்றி. ஒன்று கிட்டியும் மற்றொன்று கிட்டாமல் போகலாம் என்பதே அவர்கள் சொன்னது. ஆஸ்திரேலியாவின் சிட்னி இசை அரங்கம் 70 லட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கி 10 கோடி டாலருக்கும் மேல் விழுங்கி, பத்தாண்டுத் தாமதத்துடன் 1973இல் திறக்கப்பட்டு, பின்னர் அந்நாட்டின் அடையாளமாகவே ஆனது, இதற்கு உலகெங்கும் சொல்லப்படும் சான்று. அதற்கு நேரெதிரான சான்று விழுப்புரத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் தளவானூருக்கும் கடலூர் மாவட்டத்தின் ஏனாதிரிமங்கலத்துக்கும் இடையே தென்பெண்ணையின் குறுக்கே, ஏறத்தாழ 25 கோடி ரூபாய் செலவில், சுமார் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு தடுப்பணை கட்டப்பட்டு 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தடுப்பணை என்பது பெரிய அணையைப் போல நீரைச் சேர்த்துவைத்து வாய்க்காலில் அனுப்புவதற்கன்று. ஆற்றில் ஓடும் நீரைச் சில காலம் நிறுத்தி மணலுக்குள் இறங்கவிட்டு, இருகரைக் கிணறுகளிலும் நீர்மட்டத்தை உயர்த்துவதே அதன் முதன்மையான வேலை. அந்தப் பருவமழையில் அணை நிரம்பியது. சுற்றுவட்டார மக்கள் மகிழ்ந்தனர். 2021 ஜனவரி 23 அன்று ஏனாதிரிமங்கலம் பக்கத்தில் மதகை ஒட்டிய சுவர்ப்பகுதி சரிந்து, தேங்கிய நீர் வெளியேறியது. பொறியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் அணை மேலும் சிதைந்து, நீர் கரையை அரித்து ஊர்ப்பக்கம் திரும்பிவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, கட்டுமானத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. பழி யாருடையது என்பது இச்சொற்பொழிவின் பொருளன்று. திறப்புவிழா நாளில் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தாலும் அந்தத் தடுப்பணை வெற்றியாகவே தெரிந்திருக்கும் என்பதும், அதன் தலைவிதியைத் தீர்மானித்தவை அன்று கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருந்தன என்பதுமே இங்குக் கருதத்தக்கவை.

அவை எவை என்பதை விளங்கிக்கொள்ள, மணல் ஆற்றில் கட்டப்படும் ஒரு சுவர் எவ்வாறு கெடும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேங்கிய நீர் சுவரைத் தள்ளிக் கவிழ்ப்பது அரிது. ஏனெனில் 3 மீட்டர் நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் கற்காரையைக் கணக்கிடுவது எளிய வேலை. ஆபத்து வருவது மூன்று வழிகளில். சுவரின் மேல் வழிந்து விழும் நீர் கீழ்ப்புற மணலைக் குடைந்து அடித்தளத்தை வெறுமையாக்கலாம். சுவருக்கு அடியில் மணலின் ஊடே கசியும் நீர், வெளியேறும் இடத்தில் மணல்துகளையும் கூடவே இழுத்துவந்து, சிறிது சிறிதாக ஒரு குழாய்போன்ற பாதையை உண்டாக்கலாம். மூன்றாவது வழியே பல தடுப்பணைகளுக்குக் காலனாகிறது: சுவர் முடிந்து கரை தொடங்கும் இடத்தில் நீர் சுவரைச் சுற்றிக்கொண்டு கரைமண்ணை அரித்து வழி கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டுபிடித்துவிட்டால், ஆற்றின் நடுவே சுவர் ஒரு கீறலும் இல்லாமல் நிற்க, ஆறு அதன் பக்கவாட்டில் புதுப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்.

கசிவைப் பற்றி 1910ஆம் ஆண்டளவில் டபிள்யூ. ஜி. பிளை என்ற பொறியாளர் வகுத்த விதி இன்றும் முதற்கணக்குக்குப் பயன்படுகிறது. சுவருக்கு மேற்புறம் உள்ள நீர் அடித்தளத்தை ஒட்டிக் கீழே இறங்கி, கிடையாக நடந்து, மறுபுறம் மேலேறி வெளிவரும் மொத்தப் பாதையின் நீளம், இருபுற நீர்மட்ட வேறுபாட்டைப் போலப் பன்மடங்கு இருக்க வேண்டும் என்பது அந்த விதி. பருமணலுக்கு அந்த மடங்கு 12, நுண்மணலுக்கு 15. மூன்று மீட்டர் வேறுபாட்டுக்குப் பருமணலில் 36 மீட்டர் பாதை வேண்டும். நுண்மணலில் 45 மீட்டர் வேண்டும். பிற்காலத்தில் ஏ. என். கோஸ்லாவின் ஆய்வு, பாதையின் நீளத்தைவிட நீர் வெளியேறும் முனையில் ஆழமாக இறங்கும் தடுப்புச்சுவரே முக்கியம் என்று காட்டி, பிளையின் விதியைத் திருத்தியது. எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும், மணலின் தன்மை ஒன்று மாறினால் கட்டுமானத்தின் அளவு கணிசமாக மாறுகிறது என்பதே இங்கு வேண்டுவது. மணலின் தன்மையோ துளையிட்டு மாதிரி எடுத்தாலன்றித் தெரியாது. ஆற்றின் நடுவில் மட்டும் துளையிட்டால் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய ஆற்றுப்போக்குகள் மூடுண்ட வண்டலும் உதிரிமணலும் கரைக்குள் இருப்பது தென்பெண்ணை போன்ற ஆறுகளில் இயல்பு. சுவர் போய்ச் சேரும் இடம் அப்படிப்பட்ட மண்ணாக இருந்தால், ஆற்றுப்படுகையில் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் பயனில்லை.

இப்போது அளவுகோலுக்குத் திரும்பலாம். ஒரு தடுப்பணைக்குப் பொதுவாக எழுதப்படும் அளவுகோல்கள் மூன்று: மதிப்பீட்டுத் தொகைக்குள் முடிக்க வேண்டும், ஒப்பந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டும், வரைபடத்தில் உள்ள உயரமும் நீளமும் இருக்க வேண்டும். இவை பொய்யான அளவுகோல்கள் அல்ல. ஆனால் மூன்றுமே கட்டுமானத்தை அளப்பவை. மூன்றும் திறப்புவிழாவோடு முடிந்துபோகின்றன. எந்த உழவருக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதோ அவருடைய கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி உயர்ந்தது என்பதை இவற்றில் எதுவும் கேட்பதில்லை. அதைக் கேட்கும் அளவுகோலை எழுதுவது கடினமானது என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டியதே. கிணற்றின் நீர்மட்டம் மழையால் ஏறும், மின்மோட்டாரால் இறங்கும். அணை கட்டிய ஆண்டில் நல்ல மழை பெய்தால் அணையின் பெயரால் மழைக்குப் பாராட்டு கிடைத்துவிடும்.

ஆகவே அந்த அளவுகோல் மூன்று நிபந்தனைகளோடு எழுதப்பட வேண்டும். முதலாவதாக, வேலை தொடங்குமுன்பே, அணை அமையப்போகும் இடத்தின் இருகரையிலும் சில கிணறுகளைத் தேர்ந்து, கோடையின் உச்சமான மே மாதத்திலும் பருவமழை முடிந்த ஜனவரியிலும் நீர்மட்டத்தை அளந்து பதிய வேண்டும். இந்தத் தொடக்க அளவு இல்லாவிட்டால் பின்னால் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் வெற்றியையும் நிரூபிக்க முடியாது, தோல்வியையும் நிரூபிக்க முடியாது. இரண்டாவதாக, அணையின் நீர் எட்டாத தொலைவில், அதே மழை பெய்யும் பகுதியில் வேறு சில கிணறுகளையும் சேர்த்தே அளக்க வேண்டும். இரு தொகுதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் மாற்றமே அணையின் பயன். மூன்றாவதாக, தீர்ப்பு நாள் திறப்புவிழா நாளாக இருக்கக் கூடாது. இரண்டு வடகிழக்குப் பருவமழைகளாவது கடந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அளவுகோல் ஒரு வாக்கியமாக வடிவு பெறுகிறது: இரண்டாம் பருவமழைக்குப் பிந்தைய மே மாதத்தில், தேர்ந்த கிணறுகளின் நீர்மட்டம், ஒப்பீட்டுக் கிணறுகளோடு நோக்க, தொடக்க நிலையைவிட இத்தனை மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், அணையும் அதன் இருகரைகளும் பழுதின்றி இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சொற்றொடரில் இன்னொரு அளவுகோல் ஒளிந்திருக்கிறது: எவ்வளவு வெள்ளம் வரை பழுதின்றி இருக்க வேண்டும்? இதனைப் பொறியாளரின் உள்விவகாரமாக விட்டுவிடுவது வழக்கம். அது தவறு என்பதற்கு இதே ஆற்றின் மேற்பகுதியில் நடந்ததே போதிய சான்று. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டி 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம், ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறக்கப்பட்டதும் டிசம்பர் தொடக்கத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் எந்த அளவு வெள்ளத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அதைப் போல மும்மடங்குக்கும் மேலான நீர் வந்தது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். விளக்கம் சரியானதாகவே இருக்கட்டும். எந்த அளவு வெள்ளத்துக்குத் தாங்கினால் போதும் என்பது செலவும் ஆபத்தும் எடைபோடப்பட்டு எடுக்கப்படும் ஒரு முடிவு, அந்த முடிவை எடுக்க வேண்டியவர் பணம் தருபவர், அதனை அவர் அறிந்தே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த விளக்கத்திலிருந்து பெறப்படுவது. அறிந்து எடுக்கப்பட்ட முடிவானால் அது அளவுகோல். அறியாமல் நேர்ந்ததானால் அது விபத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் சாக்கு.

பணம் தருபவர் என்று இங்குச் சொல்லப்பட்டவரைத் திட்ட மேலாண்மை நூல்கள் ஸ்பான்சர் என்று அழைக்கின்றன. தமிழில் புரவலர் எனலாம். திட்டத்துக்குப் பணமும் அனுமதியும் பெற்றுத்தந்து, அதன் பயனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் அவர். வேலையைச் செய்து முடிக்கும் பொறியாளர்களும் ஒப்பந்ததாரரும் சேர்ந்தது திட்டக் குழு. தனியார் நிறுவனத்தில் புரவலரை விரல்நீட்டிக் காட்டிவிட முடியும். அரசுத் திட்டத்தில் அது எளிதன்று. கோரிக்கை வைத்தவர் சட்டமன்ற உறுப்பினர், நிதி தந்தது ஒரு துறை, நிர்வாக ஒப்புதல் தந்தது அரசாணை, கட்டியது கோட்ட அலுவலகம், பயன்பெறுவது இரண்டு மாவட்டங்களின் கிராமங்கள். தளவானூர் போன்ற இடத்தில் ஆற்றின் ஒரு கரை ஒரு மாவட்ட நிர்வாகத்திலும் மறுகரை இன்னொரு மாவட்ட நிர்வாகத்திலும் இருப்பது சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. எனவே அளவுகோல்களையும் காரணிகளையும் பற்றிப் புரவலரும் திட்டக் குழுவும் தமக்குள் எழுதிக்கொள்ள வேண்டிய உடன்பாட்டின் முதல் வரி ஒரு பதவியின் பெயராக இருக்க வேண்டும்: இரண்டு பருவமழைக்குப் பிந்தைய கிணற்று அளவுகளைப் பெற்றுக்கொண்டு, திட்டம் வென்றது அல்லது தோற்றது என்று கையெழுத்திடப்போகும் அலுவலர் யார்? அந்த இடம் வெறுமையாக இருந்தால், மற்ற வரிகளை எழுதுவதற்குமுன் அதை நிரப்புவதே வேலை.

அளவுகோல்கள் அமைந்தபின் காரணிகளை அவற்றிலிருந்தே பிறப்பிக்க வேண்டும். ஒவ்வோர் அளவுகோலையும் எடுத்து, இது நிறைவேறாமல் போனால் எதனால் போயிருக்கும் என்று குழுவினர் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றுசேர்ந்து ஒப்பிட்டால், பத்துப் பன்னிரண்டு விடைகள் வரும். அவற்றில் எது இல்லாமல் போனால் மற்றவை அனைத்தும் இருந்தும் திட்டம் தோற்குமோ அதுமட்டுமே முக்கியக் காரணி. நல்ல சிமென்ட் என்பது தேவை. ஆனால் அதைச் சோதிக்கும் நடைமுறை ஏற்கெனவே வழக்கத்தில் இருப்பதால் அது பட்டியலுக்குள் வர வேண்டியதில்லை. தடுப்பணையைப் பொறுத்தமட்டில் வடிகட்டிய பின் எஞ்சுபவை பெரும்பாலும் நான்குதான்: இருகரைக்குள்ளும் உரிய ஆழத்துக்கு மண்துளை ஆய்வு, சுவர் கரைக்குள் போதிய தூரம் புதைந்து அதன் பின்னே மண் அடுக்கடுக்காக இறுக்கப்படுதல், ஆற்றுக்குள் செய்யும் வேலை ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே முடிதல், அணைக்குக் கீழ்ப்புறம் மணல் அள்ளப்படாமல் இருத்தல்.

இந்த நான்கையும் கூர்ந்து நோக்கினால், காரணிகள் எல்லாம் குழுவின் கையில் இல்லை என்பது புலப்படும். மண்ணை இறுக்குவது குழுவின் வேலை. ஆனால் கரைக்குள் போதிய தூரம் சுவரைக் கொண்டுசெல்ல அங்குள்ள நிலம் வேண்டும். அது பட்டா நிலமாக இருந்தால் கையகப்படுத்துவது புரவலரின் வேலை. மண்துளை ஆய்வுக்கு மதிப்பீடு தயாராவதற்கு முன்பே பணம் வேண்டும். அதைத் தருவதும் அவரே. கீழ்ப்புறத்தில் மணல் எடுப்பதைத் தடுப்பது வருவாய்த் துறையும் கனிமவளத் துறையும் காவல்துறையும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஆற்றுப்படுகை ஒரு மீட்டர் தாழ்ந்தால் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டர் கூடி, முன்பு 36 மீட்டர் போதும் என்று கணக்கிட்ட கசிவுப்பாதை 48 மீட்டர் வேண்டியதாகிவிடும் என்பதை அத்துறைகளுக்கு எடுத்துச்சொல்ல உதவிப் பொறியாளரால் ஆகாது. குழுவினர் தம் கையில் இல்லாத காரணியைத் தம் பொறுப்பென ஏற்பதும், புரவலர் தம் பொறுப்பைப் பொறியியல் விவகாரமென ஒதுக்குவதுமே இந்தக் கட்டத்தில் நேரும் பொதுவான பிழைகள். இரண்டில் முதலாவதே அதிகக் கேடு விளைவிப்பது என்று கருத இடமுண்டு. ஏனென்றால் அது பணிவைப் போலத் தோற்றமளிப்பதால் யாரும் அதைத் தடுப்பதில்லை.

பொறுப்பைப் பிரித்தபின், ஒவ்வொரு காரணிக்கும் ஒரு முன்னறிகுறியையும் அதற்குரிய விளைவையும் எழுத வேண்டும். மண் இறுக்கத்துக்கு முன்னறிகுறி, ஒவ்வோர் அடுக்கின் சோதனை முடிவும் அடுத்த அடுக்கைக் கொட்டுமுன் பதிவேட்டில் இருப்பது. அணை முதன்முறை நிரம்பும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் தெளிவானவை: கீழ்ப்புறக் கரையில் நீர் கசிந்தால் அது தெளிந்த நீரா கலங்கிய நீரா, கரைக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விழுகிறதா, நிரப்பிய மண் உள்வாங்குகிறதா, கீழ்ப்புற மணலில் நீர் கொப்புளித்து வருகிறதா. தெளிந்த நீர் கசிவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். கலங்கிய நீர் மண்ணைச் சுமந்து வருகிறது என்பதால் அதற்கு ஒரு நாள்கூட அவகாசம் தர முடியாது. எனவே முதல் நிரப்பலை முழு உயரத்துக்கு விடாமல் மதகைத் திறந்துவைத்துப் பாதி உயரத்தில் நிறுத்தி, இருகரையிலும் ஆள்வைத்துச் சில நாள் பார்த்தபின் உயர்த்துவது என்பதையும் உடன்பாட்டில் சேர்த்துவிடலாம். விழாவின் நாளைக் குறிப்பவர்களுக்கு இது பிடிக்காது.

அங்கேதான் உடன்பாட்டின் உண்மையான சோதனை இருக்கிறது. முன்னறிகுறி தெரிந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது எழுதப்படாத வரை காரணிகளின் பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்கும் அட்டையாகவே இருக்கும். கோட்டத்தின் செயற்பொறியாளர், கரைப்பக்க மண்சோதனை முடிவு வரும்வரை சுவரை உயர்த்த மாட்டேன் என்று சொன்னால், அதனால் ஏற்படும் தாமதம் ஒப்பந்தக் கால அளவுகோலில் அவருக்கு எதிராக எழுதப்படுமா? எழுதப்படுமானால் அவர் நிறுத்த மாட்டார். ஆகவே அளவுகோல்களை வரிசைப்படுத்திக்கொள்வதும் உடன்பாட்டின் பகுதியாகிறது: கரையின் பாதுகாப்பும் காலக்கெடுவும் மோதினால் கரைக்கே முதலிடம், அடுத்த பருவமழைக்குள் முடியாது என்று தெரிந்தால் ஆற்றுக்குள் பாதிச் சுவரை விடாமல் ஓராண்டு தள்ளிவைப்பது என்று புரவலர் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தர வேண்டும். தேர்தல் ஆண்டில் இந்தக் கையெழுத்தைப் பெறுவது கடினம் என்பது அனைவரும் அறிந்ததே; பெற முடியவில்லை என்றால் அந்தத் திட்டத்தின் உண்மையான முதல் அளவுகோல் எது என்பதாவது குழுவுக்கு அன்றே தெரிந்துவிடுகிறது.

இந்த உடன்பாட்டை எப்போது எழுதுவது? அரசு வேலையில் அதற்குப் பொருத்தமான தருணம் ஒன்றே ஒன்றுதான். விரிவான மதிப்பீடு நிர்வாக ஒப்புதலுக்குச் செல்லுமுன் எழுத வேண்டும். ஒப்புதலில் தொகை உறுதியாகிவிட்டால், கரைக்குள் கூடுதல் சுவர் வேண்டும் என்று பின்னால் தெரியவரும்போது திருத்திய மதிப்பீடு, புதிய ஒப்புதல் என்று மாதங்கள் கழியும். அந்தத் தொல்லைக்கு அஞ்சியே சுவர் வரைபடத்தில் உள்ள இடத்தில் நின்றுவிடும். ஒப்புதலுக்கு முன்னே, மண்துளை முடிவுகளும் கிணறுகளின் தொடக்க அளவுகளும் மேசைமேல் இருக்க, புரவலரும் செயற்பொறியாளரும் இருகரை ஊராட்சிகளின் சார்பில் வந்தவர்களும் ஒரு பகற்பொழுது அமர்ந்தால் இரண்டு பக்கங்களில் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஊர்க்காரர்களை அழைப்பது மரியாதைக்காக அன்று. ஆறு முன்பு எந்தப் பக்கம் ஓடியது, எந்த வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது என்பது அவர்களுக்கே தெரியும், அது பெரும்பாலும் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

காரணியின் பொறுப்பு பிரிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டிவனம் வேறுவகையான எடுத்துக்காட்டைத் தருகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்தில் புதிய ரயில்பாதை அமைக்கும் திட்டம் 2006-07ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அளவுகோலில் யாருக்கும் ஐயம் இல்லை: செஞ்சிக்கு ரயில் வர வேண்டும். முக்கியக் காரணி எது என்பதிலும் ஐயமில்லை. நிலம் கைக்கு வர வேண்டும். நிலத்தைக் கையகப்படுத்துவது மாநில வருவாய்த் துறையின் கையிலும், அதற்கான பணம் ரயில்வேயின் கையிலும் இருக்க, பாதையோ ஆண்டுக்கணக்கில் முன்னேறாமல் கிடந்தது. தளவானூரில் முடிந்த வேலை நிலைக்கவில்லை. திண்டிவனத்தில் தொடங்கிய வேலை நகரவில்லை. பின்னது செலவைப் பொறுத்தவரை மென்மையான தோல்வி எனலாம். ஆனால் இன்ன தேதிக்குள் இத்தனை விழுக்காடு நிலம் வராவிட்டால் திட்டத்தைத் தள்ளிவைப்பது என்ற ஒரு வரி இரு தரப்புக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்படும் வழக்கம் இருந்தால், பாதை செல்லும் ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் வயலை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் காத்திருக்கும் நிலையாவது குறையும்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் இந்த உடன்பாட்டுக்கு எல்லைகள் உண்டு. காரணிகள் அமைந்தால் வெற்றி உறுதி என்று பொருளில்லை. அமையாவிட்டால் தோல்வி ஏறக்குறைய உறுதி என்பதே பொருள். எழுதிய நாளில் சரியாக இருந்த காரணி நடுவில் மாறவும் கூடும். ஆற்றின் ஆழ்போக்கு ஒரு வெள்ளத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்துவிட்டால், முன்பு பாதுகாப்பாக இருந்த கரையே அபாயக் கரையாகிறது. ஆகவே ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆற்றைவிட விரைவாக மாறுபவர்கள் அலுவலர்கள். தளவானூர் அணை திறக்கப்பட்டபோது நீர்வளப் பணிகள் பொதுப்பணித் துறைக்குள் இருந்தன. 2021 மே மாதம் ஆட்சி மாறி, நீர்வளத் துறை தனித்துறையாயிற்று. நவம்பர் வெள்ளம் வந்தபோது பொறுப்பு வேறு அமைச்சகத்தின் கையில் இருந்தது. இடமாற்றங்கள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. எனவே உடன்பாட்டின் இரண்டு பக்கங்களையும் ஒப்பந்தக் கோப்பிலேயே இணைத்து, செயற்பொறியாளரோ புரவலரோ மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பத்திரத்தில் புதியவர் அவற்றைப் படித்துக் கையெழுத்திடுவதை ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும். ஏதேனும் ஒரு வரியை அவர் ஏற்கவில்லை என்றால் அதை அடுத்த ஜனவரிக்குள், ஆற்றில் நீர் வடிந்து வேலை மீண்டும் தொடங்குமுன், பேசித் திருத்திக்கொள்ளலாம்.